மெடிக்கல் கோடிங் படிக்கலாமா? காளவாசல் அக்கா கேட்ட கேள்வியும், நான் ஃபெயிலான கதையும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் யாராவது இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

மதுரை காளவாசலில் எங்கள் தெருமுனையில் ஒரு தையல்கார அக்கா இருக்கிறார். என் மனைவியின் பிளவுஸ் முதல் என் மகனின் ஸ்கூல் யூனிஃபார்ம் வரை அவர் கைதான். அவருடைய மகள் பிஎஸ்சி மைக்ரோபயாலஜி முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, நீங்க டாக்டரு, உங்களுக்குத் தெரியாம இருக்காது. மெடிக்கல் கோடிங்னு ஒண்ணு சொல்றாக. 45 நாள் படிச்சா சர்ட்டிபிகேட்டு, வீட்ல இருந்துக்கிட்டே அமெரிக்காக்காரனுக்கு வேலை பாக்கலாமாம். 38 ஆயிரம் கேக்குறாக. செயினை வச்சுக் கட்டிரலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் டாக்டர் என்று நம்பி வந்தவரிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "நல்ல படிப்புதான்க்கா, விசாரிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன். அப்புறம் நிஜமாகவே விசாரித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த வேலை எதற்கு இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நம் ஊர் அரசு மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒருவருக்கு ஆபரேஷன் செய்தால், அந்த ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று ஒரு மொத்தத் தொகை இருக்கும். ஒரே பேக்கேஜ், முடிந்தது. அமெரிக்காவில் டாக்டர் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு எண், நோயாளிக்கு உள்ள ஒவ்வொரு நோய்க்கும் ஒரு எண். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, அதை இந்த எண்களாக மாற்றி அனுப்பினால்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கும். அப்படி மாற்றுகிறவர்தான் கோடர். இதற்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் கோடிங்குக்கும் சம்பந்தம் இல்லை. இந்த வேலையில் ஒரு பகுதி இந்தியாவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் சென்னை மட்டுமல்ல, திருச்சி, சேலம், கோவை என்று பல ஊர்களில் இதற்கான அலுவலகங்கள் இருக்கின்றன.

ஆக வேலை நிஜம். நோட்டீஸில் அந்த ஒரு வரி பொய்யில்லை. சரி, டாக்டர் எழுதியதைப் படித்து எண் போடுவதில் என்ன பெரிய கஷ்டம்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பாப்பாவின் காலேஜ் தோழி ஒருத்தி திருச்சியில் கோடராக இருக்கிறாள். அவள் பயிற்சிக்கான மாதிரிக் கேஸ் ஒன்றையும், கூடவே கோட் புத்தகத்தின் சில பக்கங்களையும் அனுப்பியிருந்தாள். நிஜ நோயாளியுடையது அல்ல, பயிற்சிக்கென்று எழுதியது. பாப்பா அதை எடுத்துவந்து, "அண்ணே, நீங்களும் போட்டுப் பாருங்க, நானும் போடுறேன், விடை அவகிட்ட இருக்கு" என்றாள். எம்பிபிஎஸ் படித்தவனுக்குச் சவால்! உட்கார்ந்தேன்.

கேஸ் இதுதான். 58 வயது ஆண். வெளிநோயாளியாக வருகிறார். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். இரவில் இன்சுலின் போடுகிறார், பகலில் மெட்ஃபார்மின் மாத்திரை. வலது உள்ளங்காலின் முன்பகுதியில் ஆறாத புண், கொழுப்பு அடுக்கு தெரிகிறது. பாதத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கிறது. டாக்டர் கத்தியால் செத்துப்போன திசுவைத் தோலுக்குக் கீழே கொழுப்பு அடுக்கு வரை வெட்டிச் சுத்தம் செய்கிறார். வெட்டிய பரப்பு 6 செ.மீ.க்கு 5 செ.மீ. கடைசி வரி: எலும்பில் தொற்று இருக்கலாம் என்று சந்தேகம், எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லப்பட்டுள்ளது.

இந்த மாதிரிக் கால்களை ஓபியில் வாரத்துக்கு நாலு பார்க்கிறவன் நான். கடகடவென்று எழுதினேன். சர்க்கரை நோய். அதனால் வந்த நரம்புப் பாதிப்பு. எலும்புத் தொற்று. கால் புண். அறுவைச் சுத்தம் ஒன்று. அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. பாப்பா அரை மணி நேரம் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு.

விடை வந்தது.

```
E11.621
L97.512
Z79.4
Z79.84
11042
11045
```

பாப்பாவுக்கு ஒன்று மட்டும் தப்பு. எனக்கு பாதிக்கு மேல் தப்பு. எங்கே தப்பு என்று சொன்னால்தான் இந்த வேலை என்னவென்று உங்களுக்குப் புரியும்.

முதல் தப்பு, எலும்புத் தொற்று. என் அனுபவத்தில் இப்படி ஒரு புண்ணில் எலும்பு வரை போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் டாக்டர் "சந்தேகம்" என்றுதான் எழுதியிருக்கிறார். அமெரிக்க விதிப்படி வெளிநோயாளிக் குறிப்பில் "சந்தேகம்", "இருக்கலாம்", "இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்" என்று எழுதியிருக்கும் எதையும் நோயாகக் கோட் செய்யக் கூடாது. உறுதியாகத் தெரிந்தது எதுவோ அதை மட்டும் போட வேண்டும். நெஞ்சு வலியோடு வந்தவருக்கு மாரடைப்பு சந்தேகம் என்று எழுதியிருந்தால், நெஞ்சு வலி என்றுதான் எண் போகும். இதே வார்த்தை உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்தால் விதி தலைகீழ்: அங்கே அந்த நோய் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு கோட் செய்ய வேண்டும். ஒரே வார்த்தை, எந்தச் சீட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு விடை.

நம் ஓபி சீட்டை நினைத்துப் பாருங்கள். முன்னால் கேள்விக்குறி போடாமல் நாங்கள் எந்த நோயை எழுதியிருக்கிறோம்? "? டெங்கு", "? டைஃபாய்டு", "? யூடிஐ". என் சீட்டு ஒரு கோடரிடம் போனால் காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல் என்றுதான் எண் போடுவார்.

இரண்டாவது தப்பு, நரம்புப் பாதிப்பு. உணர்ச்சி குறைவு என்று எழுதியிருக்கிறதே என்று நான் வாதாடினேன். அது டாக்டர் கண்ட ஒரு அறிகுறி. அதற்கு நோய்ப் பெயர் வைக்க வேண்டியது அந்த டாக்டர். படிக்கிறவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் பெயர் வைக்கக் கூடாது. வேண்டுமானால் டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்பலாம். அதற்கு அந்தத் தொழிலில் "க்வெரி" என்று பெயர். அவர் பதில் எழுதினால் கோட், எழுதாவிட்டால் இல்லை.

இப்படி இரண்டு இடத்தில் குட்டு வாங்கியதும் நான் உஷாராகி, "அப்போ சர்க்கரையால வந்த புண்ணுன்னும் இவரு எங்கயும் எழுதலியே, ரெண்டையும் தனித்தனியாத்தானே போடணும்?" என்று கேட்டேன். பாப்பா அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினாள். அதுதான் இல்லை. கோட் புத்தகத்தின் அட்டவணையில் சர்க்கரை நோய்க்குக் கீழே "உடன்" என்ற பொருளில் ஒரு சொல் போட்டு, அதன் கீழ் ஒரு பட்டியல் வருகிறது. கால் புண் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தப் பட்டியலில் இருந்தால், டாக்டர் தொடர்புபடுத்தாவிட்டாலும் கோடர் தொடர்புபடுத்தியே ஆக வேண்டும், டாக்டர் "இது வேறு காரணம்" என்று தெளிவாக எழுதியிருந்தால் தவிர. அதனால்தான் முதல் எண் E11.621. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், கால் புண்ணுடன்.

ஒரு இடத்தில் ஊகிக்கவே கூடாது, இன்னொரு இடத்தில் ஊகித்தே ஆக வேண்டும். மருத்துவ மூளைக்கு இது எரிச்சல். ஆனால் இது மருத்துவம் இல்லை, ஆவணம் படிக்கும் வேலை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் படிப்பவர் மாதிரி. நிலம் யாருடையது என்று ஊருக்கே தெரிந்திருக்கலாம், பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

அடுத்த எண் L97.512. இதில் 51 என்ற இடம்தான் வலது பாதம் என்று சொல்கிறது. கடைசி 2 கொழுப்பு அடுக்கு தெரிகிறது என்று சொல்கிறது. இடது பாதம் என்றால் 52. புண் குதிகாலில் இருந்தால் L97.4 என்று குடும்பமே மாறிவிடும். டாக்டர் ஆழத்தை எழுத மறந்திருந்தால் கடைசி எண் 9, அதாவது ஆழம் குறிப்பிடப்படவில்லை.

கடைசி இரண்டு எண்களும் டாக்டர் செய்த வேலைக்கு. கொழுப்பு அடுக்கு வரை வெட்டிச் சுத்தம் செய்தால் முதல் 20 சதுர செ.மீ. வரைக்கும் 11042. அதற்கு மேல் ஒவ்வொரு 20க்கும், அல்லது அதில் ஒரு பகுதிக்கும், 11045. ஆறைந்து முப்பது. ஆக இரண்டும் வேண்டும். நான் ஒன்றுதான் போட்டிருந்தேன், அந்த டாக்டருக்கு வர வேண்டிய காசில் ஒரு பங்கு போயிருக்கும். இதில் இன்னொரு கண்ணி உண்டு. கணக்கு புண்ணின் ஆழத்துக்கு இல்லை, வெட்டி எடுத்த திசுவின் ஆழத்துக்கு. புண் எலும்பு வரை இருந்தாலும் டாக்டர் எடுத்தது கொழுப்பு வரை என்றால் 11042தான். தோலை மட்டும் எடுத்திருந்தால் அது வேறு எண், 97597, பணமும் குறைவு. ஆழம் எழுதாத குறிப்பு வந்தால் கோடர் தன் இஷ்டத்துக்குப் பெரிய எண்ணைப் போட முடியாது. செய்யாத வேலைக்குப் பணம் கேட்டால் அமெரிக்காவில் அது மோசடி வழக்கு வரை போகும்.

நடுவில் இருக்கும் Z79.4 இன்சுலினுக்கு, Z79.84 மாத்திரைக்கு. பாப்பாவின் ஒரே தப்பு இங்கேதான். அவள் இன்சுலினுக்கான எண்ணை மட்டும் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், "டெமோ கிளாஸ்ல குடுத்த புக்குல அப்படித்தாண்ணே இருக்கு" என்றாள்.

அந்த நோட்டீஸ் கொடுத்த இடத்தில் டெமோ வகுப்புக்குப் போனபோது ஒரு ஜெராக்ஸ் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். இந்த இடத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். இன்சுலினும் மாத்திரையும் இரண்டும் எடுத்தால் இன்சுலின் எண்ணை மட்டும் போடு என்பது பழைய விதி. சில வருடங்களுக்கு முன் அதை மாற்றி, இரண்டையும் போட வேண்டும் என்றார்கள். ஆக அந்த ஜெராக்ஸ் புத்தகம் விதி மாறுவதற்கு முந்தையது. நோய் எண்கள் ஒவ்வொரு அக்டோபர் 1 அன்றும், சிகிச்சை எண்கள் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புதுப்பிக்கப்படுகின்றன. பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பது, போன வருஷ பஸ் டைமிங்கை வைத்து ஆரப்பாளையத்தில் நிற்பது மாதிரி.

உங்கள் ஊரில் ஏதாவது பயிற்சி நிலையத்துக்குப் போனால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இன்சுலினும் மெட்ஃபார்மினும் எடுக்கும் சர்க்கரை நோயாளிக்கு எத்தனை Z79 எண்? ஒன்று என்று சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம்.

இப்போது சர்ட்டிபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். குழப்பமே இங்கேதான்.

அந்த 38 ஆயிரத்துக்குக் கிடைப்பது அந்தப் பயிற்சி நிலையமே அடித்துக் கொடுக்கும் "படிப்பை முடித்தார்" என்ற காகிதம். வேலை கொடுக்கிற நிறுவனங்கள் சான்றிதழ் என்று சொல்வது அதை இல்லை. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் சிபிசி என்ற தேர்வு. அஹிமா என்ற இன்னொரு பழைய அமைப்பு நடத்தும் சிசிஎஸ் தேர்வுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அது மருத்துவமனை உள்நோயாளிக் கோடிங்கையும் சேர்த்துக் கேட்பது, புதிதாக வருகிறவர்கள் அங்கிருந்து தொடங்குவதில்லை.

சிபிசி தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம். இதைக் கேட்டதும் "அட, அப்ப ஈசி" என்று தோன்றும். ஒரு கேள்விக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் ஆபரேஷன் குறிப்பு ஒன்றைப் படித்து, மூன்று தடிப் புத்தகங்களில் சரியான ஒன்றில் சரியான பக்கத்தைப் புரட்டி, கீழே பொடி எழுத்தில் இருக்கும் விதியையும் பார்க்க வேண்டும். என்னை மாதிரி மனசில் இருப்பதை வைத்து எழுதுகிறவன் தோற்பான். பாப்பா மாதிரி புரட்டுகிறவள் ஜெயிப்பாள், வேகம் மட்டும் வர வேண்டும். அந்த வேகம் 45 நாளில் வருமா? எனக்குச் சந்தேகம்தான். உடற்கூறியலும் மருத்துவச் சொற்களும் ஏற்கெனவே தெரிந்த நர்சிங், ஃபார்மசி, பிசியோதெரபி, மைக்ரோபயாலஜி பிள்ளைகளுக்கே நான் பேசியவர்கள் சொன்ன கணக்கு நாலு முதல் ஆறு மாதம்.

செலவும் மூன்று தனித்தனிக் கணக்கு. தேர்வுக் கட்டணம், உறுப்பினர் கட்டணம், அந்த ஆண்டுப் புத்தகங்கள். முதல் இரண்டும் ஏஏபிசிக்கே நேரடியாகப் போகிறவை. பயிற்சி நிலையத்தின் கட்டணத்தில் இவை அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அக்காவின் நோட்டீஸில் "சர்வதேசச் சான்றிதழ்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. போன் போட்டுக் கேட்டேன். "சார், எக்ஸாம் ஃபீஸ் தனி, அது ஸ்டூடண்ட் பாத்துக்கணும்" என்றார்கள். சரி, புத்தகம்? அதுவும் தனி. அப்போ இந்த 38 ஆயிரம்? "கோச்சிங் சார்." நூறு சதவீத வேலை? "பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ் சார்." அசிஸ்டன்ஸ் என்றால் வாட்ஸ்அப்பில் வாக்-இன் தகவலை ஃபார்வர்டு செய்வது என்று நாலாவது கேள்வியில் தெரிந்துகொண்டேன்.

யாராவது ஆசிரியர் "நான் சிபிசி முடித்தவர்" என்று சொன்னால் அதையும் நம்ப வேண்டியதில்லை. உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள். ஏஏபிசியின் இணையதளத்தில் அந்தச் சான்றிதழ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வசதி இருக்கிறது. உயிரோடு என்று ஏன் சொல்கிறேன் என்றால், இது ஒருமுறை வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டுவது இல்லை. இரண்டு வருடத்துக்கு 36 தொடர்கல்விப் புள்ளிகள் எடுக்க வேண்டும், உறுப்பினர் கட்டணமும் கட்டிவர வேண்டும். விட்டால் போய்விடும்.

இன்னொன்று, இதை எந்த நோட்டீஸிலும் பார்க்க முடியாது. அனுபவம் இல்லாமல் பாஸானவருக்குக் கிடைப்பது சிபிசி இல்லை, சிபிசி-ஏ. அந்த ஏ என்பது "பயிலுநர்" என்பதன் முதல் எழுத்து. ஸ்கூட்டி பின்னால் ஒட்டும் எல் போர்டு மாதிரி. இரண்டு வருட வேலை அனுபவத்தைக் காட்டினால்தான் அது உதிரும். அங்கீகரித்த 80 மணி நேரப் படிப்போ, ஏஏபிசியின் பயிற்சிக் கேஸ்களோ முடித்திருந்தால் அதில் ஒரு வருடத்தைக் கழித்துக்கொள்ளலாம். இரண்டையும் முடித்திருந்தால் இரண்டு வருடத்தையும் கழித்துக்கொள்ளலாம்.

அப்போ வீட்டிலிருந்தே வேலை?

உண்டு. ஆனால் வரிசையில் கடைசியில் இருக்கிறது. அமெரிக்க நோயாளியின் குறிப்பு நம் மேசைக்கு வருகிறது. அதை ஹிப்பா என்ற 1996ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. கோடர்களின் அலுவலகத்தில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், பேனா பேப்பர்கூடப் பல இடங்களில் கிடையாது. இவ்வளவு கெடுபிடி உள்ளவர்கள் நேற்று சேர்ந்த பிள்ளையை வீட்டு ஹாலில் உட்கார்ந்து திறக்கவிடுவார்களா? தவிர, புதியவரின் ஒவ்வொரு கேஸையும் இன்னொருவர் தணிக்கை செய்வார். துல்லியம் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் பல இடங்களில் பிரச்சினைதான். அந்தத் தப்புகளைப் பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஒரு ஆள் வேண்டும். அதனால் முதல் ஒன்றிரண்டு வருடம் அலுவலகம், எண்ணிக்கையும் துல்லியமும் கைக்கு வந்தபின் கம்பெனி லேப்டாப்போடு வீடு. கொரோனா காலத்தில் நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதைக் காட்டித்தான் இன்றைக்கும் நோட்டீஸ் அடிக்கிறார்கள்.

நெட்டில் "ரிமோட் மெடிக்கல் கோடர்" என்று தேடினால் டாலரில் சம்பளம் போட்டு நூறு வேலை வரும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குள் வீட்டில் இருந்து வேலை செய்பவர்களுக்கு. விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள். இந்தியாவிலிருந்தே சேரலாம், ஆனால் "லேப்டாப்புக்கு டெபாசிட்" கட்டுங்கள் என்று ஒருவர் போனில் கேட்டால், அது வேலை இல்லை, திருட்டு. வேலை கொடுக்கிற கம்பெனி உங்களிடம் காசு வாங்காது.

பில்லிங் பற்றியும் ஒரு வார்த்தை. "மெடிக்கல் கோடிங் அண்ட் பில்லிங்" என்று சேர்த்தே எழுதுவார்கள். இரண்டும் வேறு. பில்லிங் பக்கத்தில் புதியவர்களுக்கு அதிகம் கிடைப்பது ஏஆர் காலர் வேலை. கிளெய்ம் ஏன் நின்றது என்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். அவர்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மாலை ஆறரை அல்லது அதற்கும் மேல். ஆக நைட் ஷிஃப்ட். எந்த டிகிரியும் போதும், ஆங்கிலம் பேச வேண்டும். நல்ல வேலைதான், பலர் முன்னேறியிருக்கிறார்கள். ஆனால் கோடிங் என்று நினைத்துச் சேர்ந்து, முதல் நாள் தலையில் ஹெட்செட்டை மாட்டியதும் அழுத பிள்ளைகள் உண்டு. ஆஃபர் லெட்டரில் பதவியின் பெயரைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவருக்கு சிபிசி, ஏ, ஹிப்பா எதுவும் முக்கியமில்லை. "அப்ப வீட்ல இருந்து பாக்க முடியாதா தம்பி?" என்பது மட்டும்தான் கேள்வி. "இப்போதைக்கு முடியாதுக்கா. ரெண்டு வருஷம் வெளிய போகணும்." மிஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருக்கு அந்த நோட்டீஸில் பிடித்தது சம்பளம் இல்லை, சர்ட்டிபிகேட்டும் இல்லை. வீட்டுக்காரர் தவறியபின் அந்த வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். மகள் வீட்டிலேயே இருப்பாள் என்ற ஒன்றுக்காகத்தான் செயினைக் கழற்றத் துணிந்திருக்கிறார். அதை நான் அந்த நிமிஷம்தான் புரிந்துகொண்டேன். நான் பாட்டுக்கு எண் கணக்கு பேசிக்கொண்டிருந்தேன்.

செயின் கழுத்திலேயே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மிச்சத்தை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு மாதம் இழுபறி. பாப்பா சும்மா இருக்கவில்லை. அந்தத் தோழியிடம் அந்த ஆண்டுப் புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் வாங்கி, உடற்கூறியலை என் பழைய முதல் வருடப் புத்தகத்தில் படித்தாள். சில நிறுவனங்கள் சான்றிதழ் இல்லாத லைஃப் சயின்ஸ் பட்டதாரிகளையும் ஒரு தேர்வு வைத்து எடுத்து, தாங்களே சம்பளம் கொடுத்துப் பயிற்சி தருகின்றன. குறிப்பிட்ட காலத்துக்குள் சிபிசி முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாண்ட் கேட்கிறார்களா, பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் படித்துவிட்டுச் சேர வேண்டும். திருச்சியில் ஒரு வாக்-இன்னில் இரண்டாவது முறை அவளை எடுத்தார்கள். ஹாஸ்டலில் இருக்கிறாள். சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுகிறாள். சம்பளம் இப்போதைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஹாஸ்டலுக்குப் போக வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்புகிறாள். சிபிசி தேர்வு அடுத்த மாதம் எழுதப் போகிறாள். பாஸானால் பின்னால் ஏ ஒட்டிக்கொண்டு வரும்.

போன வாரம் அக்கா முட்டி வலி என்று ஓபிக்கு வந்தார். மிஷின் மிதிக்கிற கால், கேட்கவா வேண்டும். பார்த்து, சீட்டில் "முட்டி வலி" என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மகள் பார்க்கட்டும் என்று அக்கா சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்று இரவு எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு எண் மட்டும் வந்தது. M25.569. என்ன பாப்பா இது என்று கேட்டேன்.

"முட்டி வலி, எந்தப் பக்கம்னு குறிப்பிடப்படவில்லை. வலதுன்னா 561, இடதுன்னா 562. எந்தக் காலுண்ணே? எழுதவே இல்லியே."

வலது கால். இப்போது எல்லாச் சீட்டிலும் பக்கம் எழுதுகிறேன்.